எந்த நாளிலிருந்து ஐந்து நாள்?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மனியிலிருந்து கருநீல டி-சர்ட்டுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. துணிக்குச் சாயம் போடுவதற்கு முன்னால், கேட்ட நிறத்தில் சின்னச் சின்னத் துண்டுகளுக்குச் சாயம் ஏற்றி பையருக்கு அனுப்புவார்கள். இதற்கு லேப் டிப் என்று பெயர். ஒரே நிறத்தில் ஏ, பி, சி என்று இரண்டு மூன்று சாயல்கள் போகும். பையர் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சம்மதம் சொன்ன பிறகுதான் மொத்தத் துணியும் சாயப்பட்டறைக்குப் போக வேண்டும்.

இந்த ஆர்டரில் நடந்தது இதுதான். மார்ச் 3-ஆம் தேதி பையர் பி என்ற துண்டுக்குச் சம்மதம் தந்தார். 10-ஆம் தேதி 600 கிலோ துணி சாயப்பட்டறைக்குப் போனது. 12-ஆம் தேதி சாயம் முடிந்தது. 14-ஆம் தேதி பையரிடமிருந்து ஒரு மெயில் வந்தது: கருநீலம் வேண்டாம், வெளிர்நீலமாக மாற்றிக்கொள்ளுங்கள். வெளிர்நிறத் துணியைக் கருநிறமாக்குவது எளிது. கருநிறமாகிவிட்ட துணியை வெளிர்நிறத்துக்குக் கொண்டுவருவது நடைமுறையில் ஆகாத காரியம். ஆக, 600 கிலோ துணி தேங்கி நிற்கிறது. அதன் விலையை யார் ஏற்பது?

பதில் ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது. சாயம் முதலில் முடிந்ததா, நிறத்தை மாற்றச் சொன்ன மெயில் முதலில் வந்ததா? சாயம் முதலில் என்றால் பையரிடம் கேட்க நியாயம் உண்டு. மெயில் முதலில் என்றால், அதைப் பார்க்காமல் சாயம் போட்ட நிறுவனத்தின் தலையில்தான் நஷ்டம் விழும். நிறுவனத்தின் மெர்ச்சண்டைசர் 17-ஆம் தேதி உட்கார்ந்து விளக்க மெயில் எழுதுகிறார். தேதிகள் எல்லாம் அவர் மனதில் சரியாகவே இருக்கின்றன. மெயிலில் போனது இது:

```
We have dyed the fabric before five days.
When you sent the new shade, we dyed 600 kg.
We had received your approval on 3 March.
```

மூன்று வரிகளும் திருப்பூர்க்காரருக்கு மட்டுமல்ல, மதுரைக்காரருக்கும் சென்னைக்காரருக்கும் நன்றாகவே புரியும். ஜெர்மனியில் படிப்பவருக்கோ மூன்றும் மூன்று விதத்தில் தவறான சேதியைச் சொல்கின்றன. முதல் வரி தேதியைக் குழப்புகிறது. இரண்டாவது வரி நிகழ்ச்சிகளின் வரிசையையே தலைகீழாக்குகிறது. மூன்றாவது வரி, பையர் தந்த சம்மதத்தையே சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இஞ்ச் டேப்பின் பூஜ்யம் எங்கே?

அகோ, பிஃபோர் என்ற இரண்டு சொற்களும் காலத்தைப் பின்னோக்கி அளக்கின்றன. ஆனால் இஞ்ச் டேப்பின் பூஜ்யத்தை இரண்டும் ஒரே இடத்தில் வைப்பதில்லை. அகோ எப்போதும் பூஜ்யத்தை இன்றைக்கு வைக்கும். அதாவது எழுதுகிறவர் எழுதிக்கொண்டிருக்கும் அந்த நாளில். பிஃபோர் பூஜ்யத்தை வேறொரு நிகழ்ச்சியின்மீது வைக்கும். அந்த நிகழ்ச்சி எது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

மெர்ச்சண்டைசர் எழுதும் நாள் 17. சாயம் முடிந்த நாள் 12. இன்றிலிருந்து அளந்தால் ஐந்து நாள்:

```
We finished dyeing five days ago.
```

பையரின் மெயில் வந்த நாள் 14. அதிலிருந்து அளந்தால் இரண்டே நாள்:

```
We finished dyeing two days before your mail.
```

இரண்டு வாக்கியங்களும் மார்ச் 12-ஐத்தான் காட்டுகின்றன. எண் வேறு, ஏனென்றால் பூஜ்யம் வேறு. இப்போது அவர் உண்மையில் எழுதியதைப் பாருங்கள்: பிஃபோர் ஃபைவ் டேஸ். ஆங்கிலத்தில் இந்த அமைப்பு இறந்தகாலத் தேதி எதையும் சுட்டாது. எப்போதாவது வந்தால், ஐந்து நாள் ஆவதற்குள் என்ற பொருளில் வரும். தவறு நடந்திருக்கிறது என்று ஊகித்துக்கொள்ளும் வாசகர் அதை இரண்டு விதத்தில் சரிசெய்து படிக்கலாம். அகோ என்று எண்ணிப் படித்தால் 12-ஆம் தேதி கிடைக்கும். தன்னுடைய மெயிலுக்கு ஐந்து நாள் முன்பு என்று எண்ணிப் படித்தால் 9-ஆம் தேதி கிடைக்கும்.

9-ஆம் தேதி என்று அவர் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? பிறகு சாயப்பட்டறையின் டெலிவரி சலானைக் கேட்பார். அதில் துணி உள்ளே வந்த நாளே 10 என்று இருக்கும். உள்ளே வராத துணிக்கு முந்தின நாளே சாயம் முடிந்ததா? உண்மையைச் சொன்ன நிறுவனம் பொய் சொன்னதுபோல் ஆகிவிடும்.

அதே வரியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஹேவ் டைட் என்பது பிரசென்ட் பெர்ஃபெக்ட். ஒரு வேலை எப்போது முடிந்தது என்பதைவிட, முடிந்துவிட்டது என்ற இப்போதைய நிலைதான் முக்கியம் என்கிறபோது அது வரும். முடிந்துபோன ஒரு நாளைக் குறிப்பிட்டவுடன் அதற்கு அங்கே வேலை இல்லை. அகோ வந்தாலும், தேதி வந்தாலும், நேற்று என்று வந்தாலும் ஹேவ் விலகிக்கொள்ள வேண்டும். சாதாரண சிம்பிள் பாஸ்ட் போதும்.

பிஃபோர் எழுதும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டூ டேஸ் பிஃபோர் என்று மட்டும் எழுதி நிறுத்தினால், எதற்கு முன்பு என்று வாசகர் மேலே தேடுவார். மேலே ஒரே ஒரு நிகழ்ச்சி இருந்தால் பிழைத்தோம். இரண்டு மூன்று தேதிகள் இருந்தால் எதில் பூஜ்யத்தை வைப்பது என்று அவருக்குத் தெரியாது. பூஜ்யம் விழும் நிகழ்ச்சியைப் பிஃபோருக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

இதே விதி நேற்று, போன வாரம் போன்ற சொற்களுக்கும் பொருந்தும். தமிழில் நாம் இதைச் சரியாகவே செய்கிறோம். 'கல்யாணம் 14-ஆம் தேதி. முந்தின நாளே போய்விட்டோம்' என்போம். அங்கே 'நேற்றே' என்று சொல்ல மாட்டோம். ஆங்கிலத்திலும் அப்படித்தான். இன்றிலிருந்து எண்ணினால் யெஸ்டர்டே. கதையில் வரும் நாளிலிருந்து எண்ணினால் தி டே பிஃபோர்.

தவறு எங்கிருந்து வருகிறது?

தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும்: முன்னால், அல்லது முன்பு. பேச்சில் முன்னாடி. பூஜ்யம் எங்கே என்பதை இந்தச் சொல் சொல்லாது. அதற்கு முன்னால் வரும் 'கு' உருபுதான் சொல்லும். 'ஐந்து நாளைக்கு முன்னால்' என்றால் 'கு' நாள் கணக்கின்மேல் உட்கார்ந்திருக்கிறது. இன்றிலிருந்து எண்ண வேண்டும். 'உங்கள் மெயிலுக்கு ஐந்து நாள் முன்னால்' என்றால் 'கு' மெயிலின்மேல் உட்கார்ந்திருக்கிறது. மெயிலிலிருந்து எண்ண வேண்டும்.

மெர்ச்சண்டைசர் சாயப்பட்டறை மாஸ்டருக்குப் போன் போட்டுக் கேட்கிறார் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

"ஏனுங்ணா, நம்ம 600 கிலோ எப்பங்ணா முடிஞ்சுது?"

"அது அஞ்சு நாளைக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சுங்களே. அவங்க மெயிலு வெள்ளிக்கிழமைதான வந்துச்சு? அதுக்கு ரெண்டு நாளு முன்னாடியே எல்லாம் முடிச்சாச்சுங்க."

மாஸ்டர் ஒரே மூச்சில் இரண்டு அளவுகளையும் சொல்லிவிட்டார். இரண்டிலும் 'முன்னாடி'தான். கேட்டவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. அவர் அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது, 'அஞ்சு நாளைக்கு முன்னாடி' என்பதில் 'முன்னாடி'யை பிஃபோர் ஆக்குகிறார். 'கு' ஏறிய ஐந்து நாள் பிஃபோருக்கு அடுத்தபடி போய் உட்கார்கிறது. பிஃபோர் ஃபைவ் டேஸ் பிறந்தது இப்படித்தான். எனவே நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி எளியது. தமிழில் 'கு' எதன்மேல் இருக்கிறது? நாள் கணக்கின்மேல் இருந்தால் அகோ. நிகழ்ச்சியின்மேல் இருந்தால் பிஃபோர்.

சிலர் இந்தச் சிக்கலைத் தவிர்க்க ஃபைவ் டேஸ் பேக் என்று எழுதுவார்கள். பேச்சில் அது பரவாயில்லை, பொருளும் கெடாது. ஆனால் பணத்தைப் பற்றிப் பேசும் மெயிலில் அகோவே பொருத்தம். அதைவிடப் பொருத்தமானது நேரடியாகத் தேதி. காரணம் இருக்கிறது. பையர் இந்த மெயிலை ஒரு மாதம் கழித்துத் தன் கணக்குத் துறைக்கு அனுப்பலாம். வரிகளை மட்டும் வெட்டி வேறொரு அறிக்கையில் ஒட்டலாம். அப்போது ஃபைவ் டேஸ் அகோ என்பதன் பூஜ்யம் காணாமல் போயிருக்கும். மார்ச் 12 என்பது எங்கே ஒட்டினாலும் மார்ச் 12-தான்.

தேதி எழுதும்போதும் மாதத்தை எண்ணாக எழுதாமல் பெயராக எழுதுவது பாதுகாப்பு. 3/12 என்பது நமக்கு டிசம்பர் 3. அமெரிக்கருக்கு அதுவே மார்ச் 12.

ஹேட் எப்போது உயிர் நாடி?

இனி இரண்டாவது வரி. வென் யூ சென்ட் தி நியூ ஷேட், வி டைட் 600 கேஜி. மெர்ச்சண்டைசர் சொல்ல நினைத்தது, 'நீங்கள் புது நிறம் அனுப்பியபோது நாங்கள் 600 கிலோவுக்கும் சாயம் போட்டு முடித்திருந்தோம்' என்பது. ஆனால் ஆங்கிலத்தில் வென் என்று தொடங்கி, இரண்டு வினைகளையும் சிம்பிள் பாஸ்டில் வைத்தால், முதலாவது நடந்தது, அதையடுத்து இரண்டாவது நடந்தது என்று பொருள். மணி அடித்தபோது கதவைத் திறந்தேன் என்பதில் எப்படி மணி முதலில், கதவு பிறகோ, அப்படி. ஆகவே பையர் படிப்பது இது: நான் புது நிறம் அனுப்பினேன், அதற்குப் பிறகு நீங்கள் 600 கிலோவுக்குச் சாயம் போட்டீர்கள். பிறகு எப்படிக் கருநீலமாக இருக்கிறது? தவறு உங்களுடையதுதானே?

ஒரே ஒரு சொல் இந்த வரிசையைத் திருப்பிப் போடும்:

```
When you sent the new shade,
we had already dyed 600 kg.
```

ஹேட் போட்டு அதன் பக்கத்தில் வினையின் மூன்றாம் வடிவத்தை வைப்பதுதான் பாஸ்ட் பெர்ஃபெக்ட். பள்ளிக்கூடத்தில் கோ, வென்ட், கான் என்று ஒப்பித்தோமே, அதில் கடைசியாக வருவது மூன்றாம் வடிவம். இந்தக் காலம் செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான். 'நாம் பேசிக்கொண்டிருக்கும் இறந்தகாலப் புள்ளிக்கு முன்பே இது முடிந்துவிட்டது' என்று அது சொல்லும். அகோவுக்கு இன்று எப்படியோ, ஹேட்டுக்குக் கதையில் வரும் நிகழ்ச்சி அப்படி. பிஃபோர் டேப்பின் பூஜ்யத்தை எங்கே வைக்கிறதோ, ஹேட்டும் அங்கேதான் வைக்கிறது. அதனால்தான் இவை இரண்டும் இயல்பாகச் சேர்ந்து வரும். அகோவும் ஹேட்டும் பெரும்பாலும் சேராது. ஹேட் டைட் ஃபைவ் டேஸ் அகோ என்றால் டேப்பின் பூஜ்யத்தை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் பிடித்திருக்கிறோம் என்று பொருள்.

பாஸ்ட் பெர்ஃபெக்ட் நமக்கு அந்நியமானது அல்ல. போட்டிருந்தோம், கிளம்பியிருந்தார், மூடியிருந்தது என்று தமிழில் நாம் சொல்வது கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது. 'நான் போனபோது பேங்க் மூடினார்கள்' என்பதற்கும் 'நான் போனபோது பேங்க் மூடியிருந்தது' என்பதற்கும் உள்ள வேறுபாடு யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலாவதில் என் கண்முன்னே மூடினார்கள். இரண்டாவதில் நான் பார்த்தது மூடிய கதவை.

ஆனால் இரண்டு நிகழ்ச்சி வந்தாலே ஹேட் வேண்டும் என்று பயந்து எல்லா வரியிலும் போட வேண்டியதில்லை. நடந்த வரிசையிலேயே கதை சொன்னால் ஹேட் தேவையே இல்லை. 3-ஆம் தேதி சம்மதித்தீர்கள், 10-ஆம் தேதி அனுப்பினோம், 12-ஆம் தேதி முடிந்தது, 14-ஆம் தேதி உங்கள் மெயில் வந்தது. எல்லாமே சிம்பிள் பாஸ்ட், எல்லாமே தெளிவு. பிஃபோர், ஆஃப்டர் என்ற சொற்கள் வரிசையைத் தாமே சொல்லிவிடும் இடத்திலும் ஹேட் இல்லாமல் எழுதலாம்:

```
We dyed the fabric before you changed the shade.
```

இதில் ஹேட் டைட் என்று போட்டாலும் தவறில்லை, போடாவிட்டாலும் பொருள் மாறாது. ஹேட் கட்டாயமாவது, கதை முன்னே போய்விட்டு ஓரடி பின்னால் திரும்பும் இடத்தில். விளக்க மெயிலில் அப்படித் திரும்பும் இடங்கள் நிறைய. முதலில் பிரச்சினையைச் சொல்கிறோம், பிறகு அதன் காரணத்துக்குத் திரும்புகிறோம். பிரச்சினை பிந்தியது, காரணம் முந்தியது. வென் வரும் வாக்கியங்களைப் போலவே பிகாஸ் வரும் வாக்கியங்களிலும் ஹேட் அடிக்கடி தேவைப்படுவது இதனால்தான்.

ஹேட் எப்போது காலை வாரும்?

மூன்றாவது வரி: வி ஹேட் ரிசீவ்ட் யுவர் அப்ரூவல் ஆன் 3 மார்ச். தேதி சரி, வினை வடிவமும் சரி. தவறு எங்கே என்று தேடினால் எளிதில் கிடைக்காது. ஆனால் இந்த வரியைத் தனியாகப் படிக்கும் ஆங்கிலேயருக்கு அது பாதியில் நின்றதுபோல் இருக்கும். ஹேட் என்றால் பின்னால் இன்னொரு நிகழ்ச்சி வர வேண்டும். உங்கள் சம்மதம் கிடைத்திருந்தது, ஆனால்... என்று அவர் காத்திருப்பார். வரி முடிந்துவிடும். அப்போது அவரே ஒரு 'ஆனால்' போட்டுக்கொள்வார். சம்மதம் கிடைத்திருந்தது, பிறகு ரத்தாகிவிட்டதோ?

இந்த ஆபத்து ஒப்பந்தம், விலை, தேதி பற்றிய வரிகளில் இன்னும் பெரிது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

```
We agreed on 4.20 euros.
We had agreed on 4.20 euros.
```

முதல் வரி, விலை பேசி முடித்தோம் என்கிறது. இரண்டாவது, அப்படிப் பேசியிருந்தோம், இப்போது நிலைமை வேறு என்ற சாயலைத் தருகிறது. விலை மாறவே இல்லை என்று வாதாடும் மெயிலில் இரண்டாவது வரியை எழுதுகிறவர், தன் வாதத்துக்குத் தானே ஓட்டை போடுகிறார்.

நாம் இப்படி எழுதக் காரணமும் நம் பேச்சுதான். 'போன வாரம் ஒரு மெயில் அனுப்பியிருந்தேனே, பார்த்தீங்களா?' என்று கேட்போம். அனுப்பினேன் என்பதைவிட அனுப்பியிருந்தேன் என்பதில் பணிவு இருக்கிறது, மெதுவாக நினைவூட்டும் தொனி இருக்கிறது. இரண்டாவது நிகழ்ச்சி எதுவும் அதற்குத் தேவையில்லை. அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்குப் போகும்போது ஐ ஹேட் சென்ட் யூ எ மெயில் லாஸ்ட் வீக் ஆகிறது. இந்திய அலுவலகங்கள் முழுவதும் இது சாதாரணம். வடக்கே இருப்பவர்களும் எழுதுகிறார்கள். நமக்குள் எழுதிக்கொள்ளும்வரை யாருக்கும் உறுத்தாது. வெளிநாட்டு வாசகருக்குப் பணிவு கேட்காது, தொங்கி நிற்கும் வாக்கியம் மட்டும்தான் கேட்கும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. ஹேட் எழுதியவுடன், 'எதற்கு முன்பு?' என்று கேளுங்கள். அதே வரியிலோ முந்தின வரியிலோ ஓர் இறந்தகால நிகழ்ச்சி பதிலாகக் கிடைத்தால் ஹேட் இருக்கட்டும். 'இன்றைக்கு முன்பு' என்பதுதான் பதில் என்றால் ஹேட்டை எடுத்துவிட்டு சிம்பிள் பாஸ்டை வையுங்கள்.

இந்தத் தொழிலில் இன்னொரு வழுக்கலும் உண்டு. சாயம் போடும் வேலையைப் பல நிறுவனங்கள் வெளியில்தான் கொடுக்கின்றன. அதைச் சொல்லவும் ஆங்கிலத்தில் ஹேட் வரும், வேறு பொருளில்:

```
We had dyed the fabric.
We had the fabric dyed.
```

முதல் வரி பாஸ்ட் பெர்ஃபெக்ட்: சாயம் போட்டிருந்தோம். இரண்டாவது வரி சாதாரண இறந்தகாலம்தான்: வெளியே கொடுத்துச் சாயம் போட வைத்தோம். ஃபேப்ரிக் என்ற சொல் ஹேட்டுக்கும் டைட்டுக்கும் நடுவில் வந்துவிட்டால் பொருள் மாறிவிடுகிறது. இரண்டாவது வரிக்கு 'எதற்கு முன்பு?' என்ற சோதனை பொருந்தாது. தேதி போட்டுத் தனியாகவே நிற்கலாம். ஆனால் எது முந்தியது என்பதையும் அது சொல்லாது. 'வெளியே கொடுத்துப் போட்டோம், அதுவும் உங்கள் மெயிலுக்கு முன்பே' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால், தி டையர் ஹேட் டைட் தி ஃபேப்ரிக் என்று செய்தவரையே எழுவாயாக்கிவிடுவது சுலபமான வழி.

மெயிலைத் திருத்தி எழுதினால்

எழுதுவதற்கு முன்னால் ஒரு துண்டுத் தாளில் தேதிகளை மட்டும் மேலிருந்து கீழாக வரிசையாகக் குறித்துக்கொள்ள வேண்டும். 3, 10, 12, 14. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆதாரம்: பையரின் சம்மத மெயில், துணி போன சலான், சாயம் முடிந்து திரும்பிய சலான், நிறம் மாற்றிய மெயில். பிறகு அதே வரிசையில் சிம்பிள் பாஸ்டில் கதையைச் சொல்ல வேண்டும். ஹேட்டை ஒரே இடத்துக்கு, சண்டை எந்தப் புள்ளியில் இருக்கிறதோ அந்தப் புள்ளிக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்:

```
On 3 March you approved lab dip B.
On 10 March we sent 600 kg to the dyer.
He finished on 12 March.
Your mail changing the shade came on 14 March.
By then, all 600 kg had been dyed.
```

முதல் நான்கு வரிகளிலும் ஹேட் இல்லை, அகோ இல்லை, பிஃபோர் இல்லை. தேதியே வரிசையைச் சொல்கிறது. ஐந்தாவது வரியில் கதை 14-ஆம் தேதியில் நின்று பின்னால் திரும்பிப் பார்க்கிறது. அங்கேதான் ஹேட் வருகிறது. நிகழ்ச்சி ஒன்றையும் அது புதிதாகச் சொல்லவில்லை. மூன்றாவது வரியிலேயே சொன்ன ஒன்றை, 14-ஆம் தேதியோடு கட்டிப் போடுகிறது. பையர் பதில் சொல்ல வேண்டியது அந்த முடிச்சுக்குத்தான்.

பை தென் என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். அந்த நேரத்துக்குள் என்று பொருள். இறந்தகாலத்தில் ஒரு வேலை ஒரு நாளுக்குள் முடிந்துவிட்டது என்று சொல்ல, பை தென் அல்லது பை 14 மார்ச் என்று தொடங்கினால், பின்னால் ஹேட் வருவது வழக்கம். வென்னைவிட இது விளக்க மெயிலுக்கு உகந்தது. வென்னில் வரிசையைக் குழப்பிப் படிக்க இடமுண்டு, பை தென்னில் இல்லை.

பையும் ஹேட்டும் சேரும்போது இன்னொரு வசதி கிடைக்கிறது. வேலை பாதியில் இருக்கும்போது நிறுத்தச் சொல்லி மெயில் வந்திருந்தால்? இதே கதையில் பையரின் மெயில் 14-ஆம் தேதிக்குப் பதிலாக 11-ஆம் தேதி மதியம் வந்தது என்று மாற்றிக்கொள்வோம். அப்போது 250 கிலோ மட்டும் முடிந்திருந்தது, மீதியை நிறுத்திவிட்டார்கள். எழுத வேண்டியது இது:

```
By then the dyer had finished 250 kg.
We stopped the remaining 350 kg the same day.
```

முதல் வரியில் ஹேட், இரண்டாவதில் சிம்பிள் பாஸ்ட். 250 கிலோ மெயிலுக்கு முன்பு நடந்தது, நிறுத்தியது மெயிலுக்குப் பிறகு நடந்தது. பையர் பேச வேண்டியது 250 கிலோவைப் பற்றி மட்டும்தான் என்பதை இந்த இரண்டு வினைகளே பிரித்துக் காட்டிவிடுகின்றன. இரண்டிலும் ஹேட் போட்டிருந்தால், மெயில் வருவதற்கு முன்பே நிறுத்திவிட்டீர்களா, எதற்காக என்ற கேள்வி வரும். இரண்டிலும் போடாவிட்டால், என் மெயில் வந்த பிறகும் 250 கிலோ போட்டீர்களா என்ற கேள்வி வரும்.

இலக்கணம் இவ்வளவு தூரம்தான் வரும். 11-ஆம் தேதி மதியம் மெயில் வந்த நேரத்தில் எந்தத் தொட்டியில் எத்தனை கிலோ ஓடிக்கொண்டிருந்தது என்பது மெர்ச்சண்டைசருக்குத் தெரியாவிட்டால், ஹேட் ஃபினிஷ்ட் என்பதை எவ்வளவு சரியாக எழுதினாலும் அது வெறும் கூற்று. மெயிலின் நேரம் ஜெர்மனியின் நேரமா நம் நேரமா என்பதும் அன்றைக்கு முக்கியமாகிவிடும். மார்ச் மாதக் கடைசி ஞாயிறுவரை அங்கே நம்மைவிட நாலரை மணி நேரம் பின்தங்கியிருக்கும், அதன்பிறகு அக்டோபர் கடைசி ஞாயிறுவரை மூன்றரை மணி நேரம். அங்கே காலை 9 மணிக்கு அனுப்பிய மெயில் இங்கே மதியம் 1.30-க்கு வந்து சேர்கிறது. பட்டறையின் நோட்டில் மாஸ்டர் எழுதிவைத்த நேரத்தை அதோடு ஒப்பிட்டு, எது முந்தியது என்று உறுதி செய்துகொண்ட பிறகு ஹேட்டை எழுதுங்கள். சலானின் நகலையும் அந்த மெயிலோடு இணைத்துவிடுங்கள்.